மோதிரம் எழுதும் தூக்கக் கணக்கு

சிகாகோவில் ஓர் இளம்பெண் தூக்க மருத்துவர்களைத் தேடி வந்தார். எவ்வளவு தூங்கினாலும் எழுந்திருக்கும்போது அலுப்பு தீரவில்லை என்பது அவருடைய குறை. மணிக்கட்டில் கட்டியிருந்த ஃபிட்பிட்டும் நாள்தோறும் காலையில் அதையே சொன்னது. ஆய்வகத்தில் ஓர் இரவு படுக்கவைத்து, தலையில் மின்முனைகள் ஒட்டி, முழுச் சோதனை செய்தார்கள். நன்றாக ஆழ்ந்து தூங்கியிருக்கிறீர்கள் என்று முடிவைச் சொன்னபோது அவருக்கு நிம்மதி வரவில்லை. அப்படியானால் என் ஃபிட்பிட் ஏன் சரியாகத் தூங்கவில்லை என்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

ரஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த தூக்க உளவியலாளர் கெல்லி பாரனும் அவருடைய சகாக்களும் 2017-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்ட மூன்று நோயாளிகளின் கதைகளில் இது ஒன்று. இன்னொருவர் 40 வயதை எட்டிய ஆண். கருவி ஒவ்வோர் இரவும் குறைந்தது 8 மணி நேரம் காட்டவேண்டும் என்று தன்னைத்தானே நெருக்கிக்கொண்டிருந்தார். ‘சரியான’ தூக்கத்தைத் துரத்தித் துரத்தியே தூக்கத்தைத் தொலைக்கும் இந்த நிலைக்கு அவர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயர் வைத்தார்கள். இது இன்னும் மருத்துவப் பட்டியலில் ஏறிய நோய் அல்ல. மருத்துவர்களுக்குள் புழங்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி நியாயமானது. தலையில் ஒட்டிய கருவி ஒன்று சொல்கிறது, கையில் கட்டிய கருவி வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

அதற்கு விடை தேடுமுன் ‘ஆழ்ந்த தூக்கம்’ என்று மருத்துவம் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடவேண்டும். நாம் பேச்சுவழக்கில் ‘அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்’ என்று சொல்வது வேறு, இது வேறு. ஆய்வகத்தில் மண்டையோட்டின் மேல், கண்களின் ஓரத்தில், முகவாயின் அடியில் மின்முனைகளை ஒட்டுவார்கள். மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசையின் இறுக்கம் மூன்றும் இரவு முழுக்கப் பதிவாகும். பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுப்பார்: விழிப்பு, இலேசான தூக்கத்தின் இரண்டு படிகள், ஆழ்ந்த தூக்கம், கண்கள் விறுவிறுவென்று அசையும் கனவுத் தூக்கம். 8 மணி நேரப் பதிவில் இப்படி 960 துண்டுகள். ஒரு துண்டுக்கு ஆழ்ந்த தூக்கம் என்று பெயரிட, அதில் மெதுவான, உயரமான மூளை அலைகள் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 6 விநாடியாவது இருக்கவேண்டும்.

ஆக ஆழ்ந்த தூக்கம் என்பது மூளை அலையின் பெயர். மோதிரம் மாட்டியிருப்பதோ விரலில்.

விரலிலிருந்து மூளை அலை தெரியாது. மோதிரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் தெரிவது மூன்று சங்கதிகள். உள்ளே இருக்கும் சிறு அசைவுமானி கை அசைகிறதா என்று பார்க்கிறது. தோலுக்குள் பாய்ச்சும் பச்சை அல்லது அகச்சிவப்பு ஒளி, ரத்தம் வந்துபோகும் தாளத்தைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. சில கருவிகள் தோலின் வெப்பத்தையும் பார்க்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் இதயத்துடிப்பு நிதானப்பட்டு ஒரே சீராக ஓடும். கனவுத் தூக்கத்தில் உடல் தளர்ந்து கிடந்தாலும் துடிப்பு ஏறி இறங்கும். இந்தத் தடயங்களை வைத்து மூளை எந்தப் படியில் இருக்கிறது என்று கருவி ஊகிக்கிறது. அடுக்களைக்குள் போகாமல் திண்ணையில் உட்கார்ந்தபடி குக்கர் விசிலையும் தாளிக்கும் வாசனையையும் வைத்து இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்வது மாதிரிதான். பழகியவர் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். சாம்பாரா, வற்றல்குழம்பா என்பதில் அவ்வப்போது சறுக்குவார்.

இந்த ஊகத்தின் உள்ளே இன்னொரு சுவையான விஷயம் ஒளிந்திருக்கிறது. ஓரா மோதிர நிறுவனத்தோடு தொடர்புள்ள மார்க்கோ அல்தினியும் ஹன்னு கின்னுனெனும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 106 பேரின் 440 இரவுகளைக் கொண்டு மோதிரத்தின் கணக்குமுறையைச் சோதித்தார்கள். கை அசைவை மட்டும் வைத்து நான்கு படிகளைப் பிரித்தபோது 57 சதவீதம்தான் சரியாக வந்தது. வெப்பம், இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைச் சேர்த்த பிறகு நன்றாக ஏறியது. கடைசியில் உடல் கடிகாரம் பற்றிய தகவலையும் சேர்த்தபோது 79 சதவீதம் வந்தது. மனிதர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் பகுதியிலும் கனவுத் தூக்கம் விடியலை ஒட்டியும் அதிகம் என்பது பொதுவிதி. அந்த விதியும் கணக்கில் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். காலையில் திரையில் தெரியும் வண்ணக் கட்டங்களில் ஒரு பங்கு உங்கள் உடல் சொன்னது. ஒரு பங்கு சராசரி மனிதனின் இரவு எப்படி இருக்கும் என்று கருவிக்கு முன்பே தெரிந்தது. இதைத் தந்திரம் என்று சொல்லமுடியாது. நல்ல ஊகம் அப்படித்தான் செய்யும். ஆனால் இரவுப் பணி முடித்துக் காலை 8 மணிக்குப் படுக்கும் செவிலியருக்கு அந்தப் பொதுவிதி எவ்வளவு பொருந்தும் என்று யோசிக்கவேண்டும்.

மோதிரத்தை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. 2013-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரே பதிவை 2,500-க்கும் மேற்பட்ட பயிற்சி பெற்ற கணிப்பாளர்களிடம் கொடுத்தால் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தது. மொத்தத்தில் 82.6 சதவீதம். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் எடுத்துப் பார்த்தால் 67.4 சதவீதம்தான். மூளை அலையையே கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களுக்குள் இவ்வளவு வேறுபாடு என்றால், விரலில் இருக்கும் கருவியிடம் நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பது வீண்.

சரி, கடைகளில் விற்கும் கருவிகள் எப்படி? 2017-இல் முதலில் வெளியான ஓர் ஆய்வு, பதின்ம வயதினரும் இளைஞர்களுமாக 41 பேரிடம் ஓராவின் பழைய மோதிரத்தைச் சோதித்தது. ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த நேரத்தில் 51 சதவீதத்தைத்தான் அது சரியாக அடையாளம் கண்டது. காசைச் சுண்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று சிலர் கேலி செய்வதுண்டு. அது தப்பு; நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பாதிக்குமேல் சரியாக வருவது குருட்டு ஊகத்தைவிட நல்லது. என்றாலும் ஒருவர் மனம் உடைந்துபோக அது போதுமான ஆதாரம் இல்லை.

2024-இல் பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 35 பேருக்கு ஓராவின் மூன்றாம் தலைமுறை மோதிரம், ஃபிட்பிட் சென்ஸ் 2, ஆப்பிள் வாட்ச் எட்டாம் வரிசை மூன்றையும் ஒரே இரவில் மாட்டிவிட்டு, கூடவே மூளை அலையையும் பதிவு செய்தார்கள். முன்னேற்றம் கண்கூடாகத் தெரிந்தது. ஆப்பிள் வாட்ச் மட்டும் ஆழ்ந்த தூக்கத்தைச் சராசரியாக 43 நிமிடம் குறைத்துக் காட்டியது. அந்த நேரத்தை ஏறக்குறைய அப்படியே இலேசான தூக்கத்தின் பக்கம் தள்ளிவிட்டது. ஃபிட்பிட் 15 நிமிடம் குறைத்தது. மோதிரம் சராசரியில் ஒத்துப்போனது. (இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஓரா நிறுவனம். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.) ஒரே ஆள், ஒரே படுக்கை, ஒரே இரவு. ஒரு கருவியை நம்பினால் உடல்நலம் பற்றிக் கவலையே இல்லை. இன்னொன்றை நம்பினால் ஆழ்ந்த தூக்கத்தில் முக்கால் மணி நேரம் காணாமல் போயிருக்கிறது.

படிகளை விட்டுவிட்டு, தூங்கினாரா விழித்திருந்தாரா என்ற எளிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. 2021-இல் ஏழு கருவிகளைச் சோதித்த ஓர் ஆய்வில், தூங்கும் நேரத்தைத் தூக்கம் என்று கண்டுபிடிப்பதில் எல்லாமே 93 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கின. விழித்திருக்கும் நேரத்தை விழிப்பு என்று கண்டுபிடிப்பதிலோ 18 முதல் 54 சதவீதம்தான். காரணம் எளிது. இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு அசையாமல் கிடப்பவரைக் கருவி தூங்குபவர் என்றே எடுத்துக்கொள்கிறது.

இது என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூக்கத்தில் நூற்றுக்கு 95, விழிப்பில் நூற்றுக்கு 50 என்று மதிப்பெண் வாங்கும் கருவி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நன்றாகத் தூங்கும் ஒருவர் 8 மணி நேரம் படுக்கையில் இருக்கிறார். அதில் 7 மணி 20 நிமிடம் தூக்கம், 40 நிமிடம் விழிப்பு. விழித்திருந்த 40 நிமிடத்தில் கருவி 20 நிமிடத்தைத்தான் பிடிக்கிறது. தூங்கிய 440 நிமிடத்தில் 5 சதவீதத்தை, அதாவது 22 நிமிடத்தை விழிப்பு என்று தவறாக எழுதுகிறது. இரண்டையும் கூட்டினால் 42 நிமிட விழிப்பு. உண்மைக்கும் அதற்கும் 2 நிமிடம்தான் வித்தியாசம்! ஒரு தப்பு இன்னொரு தப்பை அழித்துவிட்டது. பார்ப்பவர் ‘என்ன துல்லியம்!’ என்று வியந்துபோவார்.

இப்போது அதே மோதிரத்தைத் தூக்கம் வராமல் தவிப்பவர் விரலில் மாட்டுங்கள். அதே 8 மணி நேரத்தில் அவர் தூங்கியது ஐந்தரை மணி நேரம். இரண்டரை மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த 150 நிமிட விழிப்பில் 75 நிமிடத்தைக் கருவி தூக்கத்தில் சேர்த்துவிடும். உண்மையான தூக்கத்திலிருந்து 16 நிமிடம் போல விட்டுவிடும். காலையில் திரையில் தெரிவது ஏறக்குறைய ஆறரை மணி நேரத் தூக்கம். முழுதாக ஒரு மணி நேரம் கூடுதல். ராத்திரி பூராவும் தூங்கவில்லை என்று அவர் சொன்னால், மோதிரம் வேறு மாதிரி சொல்கிறதே என்று வீட்டிலிருப்பவர்கள் கேட்பார்கள்.

கருவி யாருக்குச் சரியாக இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது: அது தேவைப்படாதவருக்கு. பரிசோதனைகளில் கலந்துகொள்பவர்களும் பெரும்பாலும் ஆரோக்கியமான, தூக்கக் கோளாறு இல்லாத இளைஞர்கள். விளம்பரத்தில் வரும் சதவீதங்கள் அவர்களுடைய இரவிலிருந்து வந்தவை. தூக்கமின்மையால் தவித்து ஆறுதல் தேடி மோதிரம் வாங்குபவருக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது.

தப்பான எண்ணைப் பார்த்தால்தான் என்ன, பார்த்துவிட்டு மறந்துவிடலாமே என்று தோன்றலாம். மனசு அப்படிச் செய்வதில்லை. அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் 2014-இல் வெளியான ஒரு சோதனையை இங்கே சொல்லவேண்டும். மாணவர்களுக்குக் கருவிகளை மாட்டி, முந்தைய இரவில் அவர்களுக்கு எவ்வளவு கனவுத் தூக்கம் கிடைத்தது என்பதை இது கண்டுபிடித்துவிடும் என்று சொன்னார்கள். உண்மையில் அது எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பகுதியினருக்கு 28.7 சதவீதம், சராசரியைவிட அதிகம் என்று சொன்னார்கள். மற்றவர்களுக்கு 16.2 சதவீதம், குறைவு என்றார்கள். பிறகு ஒரு கூட்டல் தேர்வு: எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். கவனம் சற்றுப் பிசகினாலும் தவறிவிடும். குறைவு என்று கேட்டவர்கள் குறைவாகவே மதிப்பெண் வாங்கினார்கள். எப்படித் தூங்கினோம் என்று அவர்களே முன்பு சொல்லியிருந்தது அந்த மதிப்பெண்ணைத் தீர்மானிக்கவில்லை. சொல்லப்பட்ட எண் தீர்மானித்தது.

2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதே கேள்வியைத் தூக்கமின்மை உள்ள 63 பேரிடம் கொண்டுபோனார்கள். மணிக்கட்டில் கருவி கட்டினார்கள். ஆனால் காலையில் காட்டிய முடிவு இட்டுக்கட்டியது. சிலருக்கு நன்றாகத் தூங்கியதாக, சிலருக்கு மோசமாகத் தூங்கியதாக. மோசம் என்று கேட்டவர்கள் அன்றைய பகலில் கூடுதல் சோர்வையும் மந்தத்தையும் உணர்ந்ததாகச் சொன்னார்கள். சிகாகோ பெண்ணின் அலுப்பில் எவ்வளவு பங்கு தூக்கத்தால் வந்தது, எவ்வளவு பங்கு திரையைப் பார்த்ததால் வந்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. ஆனால் இரண்டாவது பங்கு பூஜ்யம் இல்லை என்று இந்தச் சோதனைகளைப் படித்தவர் சொல்லலாம்.

இரவில் நடப்பது இன்னும் மோசம். தூக்கம் என்பது முயற்சியை விட்டால்தான் வரும் சரக்கு. மோதிரம் பார்த்துக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் தூங்கவேண்டும் என்ற நினைப்பே உடலை விழிப்பில் வைக்கும். இது மோதிரத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். 2007-இல் ஒரு சோதனையில், தூக்கமில்லாதவர்களில் சிலரைப் படுக்கையில் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கடிகாரம் போலவே இருந்தாலும் அர்த்தமில்லாத எண்களைக் காட்டும் பெட்டி. கடிகாரம் பார்த்தவர்களுக்குக் கவலையும் அதிகம், தூக்கம் வர ஆன நேரமும் அதிகம். எண்ணைப் பார்த்தது கெடுக்கவில்லை, நேரத்தைப் பார்த்தது கெடுத்தது. நள்ளிரவு 2 மணிக்கு விழிப்பு வந்ததும் செயலியைத் திறந்து இதுவரை எவ்வளவு ஆழ்ந்த தூக்கம் என்று பார்ப்பவர், அந்தக் கடிகாரத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்.

அடுத்து வருவதுதான் உண்மையான சேதம். மதிப்பெண்ணை ஏற்ற வேண்டும் என்று படுக்கையில் இருக்கும் நேரத்தை நீட்டுவது. பாரன் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சுட்டிக்காட்டி எச்சரித்தது. ஒருவர் வழக்கமாக இரவு 11-க்குப் படுத்துக் காலை 6.30-க்கு எழுகிறார், ஏழரை மணி நேரத்தில் ஆறரை மணி நேரம் தூங்குகிறார். படுத்திருந்த நேரத்தில் 87 சதவீதம் தூக்கம், இது நல்ல கணக்கு. கருவி 8 மணி நேரம் கேட்கிறது என்று இரவு 9-க்கே படுக்கப் போகிறார். தூக்கம் கால் மணி நேரம்தான் கூடுகிறது. ஆனால் படுக்கையில் புரண்டது இரண்டே முக்கால் மணி நேரம். 87 என்றிருந்தது 71-க்கு இறங்கிவிட்டது. நாளாக நாளாகப் படுக்கை என்றாலே புரளும் இடம் என்று உடல் பழகிக்கொள்ளும். தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்கவேண்டிய சிகிச்சையாக மருத்துவர்கள் கருதும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை இதற்கு நேரெதிராகப் போகிறது. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, தூக்கத்தை ஒன்றுதிரட்டுகிறது.

மோதிரம் அணியும் எல்லோருக்கும் இந்தக் கதி என்று பயமுறுத்துவது சரியல்ல. எத்தனை மணிக்குப் படுக்கிறோம், எத்தனை மணிக்கு எழுகிறோம், வார நாளுக்கும் விடுமுறைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கருவி நன்றாகவே சொல்லும். ‘நான் 7 மணி நேரம் தூங்குகிறேன்’ என்று நம்பிக்கொண்டு ஐந்தரை மணி நேரம்தான் படுக்கையில் இருப்பவருக்கு அது நல்ல பாடம். ஒரே கருவியை ஒரே விரலில் அணிந்து, சில வாரங்களின் போக்கைப் பார்த்தால் பயன் உண்டு. ஓர் இரவின் ஆழ்ந்த தூக்க நிமிடங்களுக்கு மட்டும் அந்த மதிப்பைக் கொடுக்கக்கூடாது. குறிப்பாக, வெளிநாட்டுப் பிள்ளை அப்பாவுக்கு அனுப்பிய மோதிரம் என்றால். வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் இயல்பாகவே குறையும். இளமையில் இரவின் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது 60-ஐத் தாண்டியவருக்குப் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகலாம். இதயத்துடிப்பு சீரில்லாதவர்களுக்கும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கருவி நம்பியிருக்கும் தடயமே மாறிப்போகிறது.

கருவி உதவுகிறதா, கெடுக்கிறதா என்று ஒருவர் தானே பார்த்துக்கொள்ள வழி உண்டு. காலையில் எழுந்ததும் செல்பேசியைத் தொடுமுன், உடம்பு எப்படி இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு மதிப்பெண்ணைப் பார்க்கவேண்டும். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று எழுதியவர், குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் களைத்துப்போகிறார் என்றால் வேலை செய்வது தூக்கம் அல்ல, எண். மதிப்பெண் சரியில்லை என்று அன்றைய நடைப்பயிற்சியையோ நண்பரைப் பார்ப்பதையோ தள்ளிப்போடுவது, படுக்கப்போகும் நேரத்தில் மோதிரத்தை நினைத்து மனம் பதறுவது, மதிப்பெண்ணுக்காகவே படுக்கை நேரத்தை முன்னே தள்ளுவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் கழற்றி வைத்துப் பார்க்கலாம். அந்த இரண்டு வாரத்தில் தூக்கம் தேறினால் விடை கிடைத்துவிட்டது.

மோதிரம் எவ்வளவு நல்ல மதிப்பெண் கொடுத்தாலும் அதை வைத்து ஒதுக்கக்கூடாத குறிகளும் உண்டு. உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்வது, வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது, இவற்றுக்கு மருத்துவரிடம் போகவேண்டும். வாரத்துக்கு மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் வராவிட்டாலும் அப்படியே. அங்கே போனால் முதலில் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு தூக்க நாட்குறிப்பாக இருக்கும். தூக்க ஆய்வாளர்கள் கூடிப்பேசி 2012-இல் அதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தார்கள். எப்போது படுத்தீர்கள், தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், தூக்கம் எப்படி இருந்தது என்று அது கேட்கிறது; பேனாவால், தோராயமாக எழுதினால் போதும். ஆழ்ந்த தூக்கத்துக்கு அதில் கட்டமே கிடையாது.